காலையில் ஆப்பிள் காடியா, சாப்பிட்டபின் நடையா?

போன தீபாவளிக்குச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, அடுப்பங்கரை ஜன்னலோரம் ஒரு கண்ணாடிப் போத்தலைப் பார்த்தேன். அடியில் கலங்கலாக ஏதோ படிந்திருந்தது. ஆப்பிள் காடி. கடைக்காரர்கள் 'சூக்கா எப்பல்' என்பார்கள், நம் ஆட்கள் 'ஆப்பிள் சைடர்' என்பார்கள். விலை 28 வெள்ளி. புலனத்தில் யாரோ அனுப்பிய செய்தியைப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

"ஒரு மாசம் குடிச்சா இனிப்பு நீர் எறங்கிடுமாம். மாத்திரையக்கூட விட்டுறலாமாம்" என்றார்.

பெரியம்மாவுக்கு வயது 63. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். இனிப்பு நீர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அரசாங்கக் கிளினிக்கில் மெட்ஃபார்மின் எடுக்கிறார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி கடைசியாக 8.2 விழுக்காடு. அதாவது சீனி கட்டுக்குள் இல்லை. அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

போத்தல் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. விடிகாலையில் எழுந்ததும் ஒரு பெரிய கரண்டி காடியை ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, கொஞ்சம் தேனும் விட்டு, வாசலைக் கூட்டிக்கொண்டே அரை மணி நேரம் மெல்ல மெல்லக் குடிப்பார். முடித்த கையோடு பல் விளக்குவார். அன்றைக்கு ஐஸ் போட்ட பண்டோங் தண்ணியை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "பல்லு கூசுது" என்றார். நான் 14 வருஷம் ஒரு பல் கிளினிக்கில் மருத்துவருக்குத் துணையாளாக வேலை பார்த்தவள். விளக்குக்கு அருகில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன்.

மேல் முன்பற்களின் நுனி, ஓரத்தில் லேசாகக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. முன்புறத்தின் இயல்பான சிறு வரிகள் அழிந்து, பட்டுத்துணி போட்டுத் துடைத்ததுபோல வழவழவென்று இருந்தது. கடைவாய்ப் பல்லின் மேட்டில் ஊசித்தலை அளவுக்கு ஒரு பள்ளம். அடைத்த பல்லில் அடைப்பு மட்டும் சற்று மேலே துருத்திக்கொண்டு நின்றது. சுற்றியுள்ள எனாமல் கரைந்துவிட்டால் அடைப்பு அப்படித்தான் நிற்கும். இவை அமிலம் தின்ற பல்லின் அடையாளங்கள். சொத்தைப் பல் வேறு: அது ஒரு இடத்தில் கறுத்து ஓட்டையாகும், அமில அரிப்பு பரவலாக வழவழப்பாக்கும். எல்லாமே இந்த ஐந்து வாரத்தில் வந்தவை என்று நான் சொல்லமாட்டேன். பல வருஷமாகப் புளியும் எலுமிச்சையும் சேர்ந்திருக்கலாம். ஆனால் கூச்சம் புதிது. அது போத்தல் வீட்டுக்கு வந்தபிறகு தொடங்கியது.

"சரி, இதை நிறுத்தச் சொல்ற. அப்ப வேற என்ன செய்யச் சொல்ற?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போத்தலை மட்டும் பிடுங்குவது சரியில்லை. அதனால் அவர் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்: இப்படியே குடிப்பது, மாத்திரை வடிவில் விழுங்குவது, சாப்பாட்டில் சேர்ப்பது, அல்லது காடியை விட்டுவிட்டுச் சாப்பிடும் முறையை மாற்றி நடப்பது.

முதலில், தண்ணீர் கலந்தால் பத்திரம் என்ற நம்பிக்கை. எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் பாதிதான் உண்மை. அமிலத்தின் கடுமையை பிஎச் என்ற எண்ணால் அளக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும். எனாமல் சுமார் 5.5-க்குக் கீழே போனால் கரைய ஆரம்பிக்கும். போத்தலில் இருக்கும் காடி 2.5-க்கும் 3-க்கும் இடையில் நிற்கும். ஒரு பெரிய கரண்டி, அதாவது 15 மில்லி காடியை 250 மில்லி தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும்? பதினாறு மடங்குக்கு மேல் நீர்த்துப்போகிறது. ஆனாலும் பிஎச் 3-ஐ ஒட்டியே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தாலும் ஏறக்குறைய 3.3 தான். இதற்கு இரண்டு காரணம். பிஎச் அளவு பத்துப் பத்து மடங்காக நகர்வது, அதனால் ஒரு எண் ஏறவே நிறைய நீர்க்க வேண்டும். அதோடு காடியில் இருக்கும் அசிட்டிக் அமிலம் தன் அமிலத்தில் பெரும்பகுதியைக் கைவசம் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் சேரச் சேர அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடும் தன்மை உடையது.

தண்ணீர் கலப்பதால் பயனே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு மிடறில் இருக்கும் அமிலத்தின் மொத்த அளவு குறைகிறது, உமிழ்நீர் அதைச் சீக்கிரம் சரிசெய்துவிடும். தொண்டையும் பெருமளவு தப்பிக்கும். கலக்காமல் குடித்தவர்கள் பட்டதைப் பார்த்தால் இது புரியும். ஹாங்காங்கில் நண்டு ஓடு தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று நினைத்த 39 வயதுப் பெண் ஒருவர், அதை இளக வைக்க ஒரு கரண்டி அரிசிக் காடியை அப்படியே விழுங்கினார். உணவுக்குழாய் வெந்து புண்ணானது. 2002-ல் அங்குள்ள மருத்துவர்கள் அதை எழுதி வைத்தார்கள். ஒரே ஒரு கரண்டி, அதுவும் சமையலறைக் காடி. நீர்த்துக் குடிப்பவருக்கு அந்த அளவுக்கு ஆவது அரிது. ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர் வெறும் வயிற்றில் குடித்தால் எரிச்சல் கூடும், தொண்டை கரகரக்கும், இரவில் படுக்கும் முன் குடித்தால் இன்னும் மோசம். பெரியம்மாவுக்குக் காலையில் குரல் கம்மிக்கொண்டிருந்தது. கேட்டபிறகுதான் சொன்னார்.

ஆக, தண்ணீர் தொண்டையைக் காக்கும், பல்லை அவ்வளவாகக் காக்காது. பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு நேரம் அமிலம் வாயில் இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். ஒரே மூச்சில் குடித்துவிட்டால் சில நிமிடங்களில் உமிழ்நீர் வாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அரை மணி நேரம் சிறிது சிறிதாகக் குடித்தால் அந்த அரை மணி நேரமும் பல் அமிலத்தில் ஊறுகிறது. செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்கள் சிலர் இதைப் போத்தலில் ஊற்றி எடுத்துப்போய் நாள் முழுக்கக் குடிக்கிறார்கள் என்று பெரியம்மா சொன்னபோது எனக்குப் பகீரென்றது. வெயிலில் வேர்த்து வாய் உலர்ந்திருக்கும், அந்த நேரத்தில் உமிழ்நீரே குறைவு. அப்புறம் ஒன்று: இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாதவருக்கு இயல்பாகவே வாய் வறளும். சீனியைக் குறைக்க இதைத் தேடிப் போகிறவர்தான் அதன் கெடுதலுக்கு மற்றவரைவிட எளிதாக ஆளாகிறார்.

குடித்ததும் பல் விளக்குவது இன்னொரு தவறு. அமிலம் பட்ட எனாமல் சிறிது நேரம் இளகியிருக்கும். அப்போது பிரஷ் போட்டால் இளகிய படலம் தேய்ந்துபோகும், அது திரும்ப வளராது. வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து விளக்க வேண்டும், அல்லது குடிக்கும் முன்பே விளக்கிவிட வேண்டும். நெதர்லாந்தில் எடை குறைக்க தினமும் ஒரு கிளாஸ் ஆப்பிள் காடி குடித்த 15 வயதுப் பெண்ணின் பற்கள் அரிக்கப்பட்டிருந்ததைப் பல் மருத்துவர்கள் 2012-ல் பதிவு செய்தார்கள். பதினைந்து வயதில் உமிழ்நீருக்கு ஒரு குறையும் இருக்காது, அப்படியும் பல் தாங்கவில்லை.

இவ்வளவு விலை கொடுத்துச் சீனிக்கு என்ன கிடைக்கிறது? இதில் நான் காடிக்கு நியாயம் செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. அசிட்டிக் அமிலம் இரைப்பையிலிருந்து சாப்பாடு குடலுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. மாவுச்சத்து உடைவதையும் ஓரளவு மெதுவாக்குவதாகத் தெரிகிறது. அதனால் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு மாதிரி மாவுச்சத்துச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால், சாப்பிட்டபின் சீனி ஏறும் உச்சி கொஞ்சம் தணிகிறது. கிரேக்கத்தில் 2010-ல் வந்த ஆய்வில், உருளைக்கிழங்கு மசியலோடு காடி சேர்த்தபோது இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சீனி குறைவாக ஏறியது. மெதுவாகச் செரிக்கும் சாப்பாட்டோடு கொடுத்தபோது வித்தியாசமே இல்லை. 2012-ல் நெதர்லாந்தில் மாவுச்சத்துக்குப் பதிலாக நேரடியாகக் குளுக்கோஸ் கரைசலோடு கொடுத்துப் பார்த்தார்கள். பயன் ஏதும் இல்லை.

பெரியம்மாவின் காலை நேரத்தோடு இதைப் பொருத்திப் பாருங்கள். ஐந்தரைக்குக் காடி. ஆறரைக்குச் சீனி போட்ட தேத்தண்ணி, இரண்டு பிஸ்கட். எட்டு மணிக்குப் பசியாறத் தோசை. தோசை வயிற்றுக்குள் போகும்போது காடி போய் இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. காடிக்கு அடுத்து உள்ளே போவது சீனித் தண்ணீர், அதன்மேல் காடிக்குப் பிடிப்பு இல்லை. போதாததற்குத் தேன் வேறு. ஆய்வில் வேலை செய்த விதமும் நாம் வீட்டில் குடிக்கும் விதமும் ஒன்றோடொன்று சேரவே இல்லை.

வெறும் வயிற்றுச் சீனியைப் பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வு 2007-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்தது. படுக்கும் முன் இரண்டு கரண்டி காடி, கூட ஒரு துண்டு சீஸ். காலையில் சீனி 4 விழுக்காடு குறைந்தது, காடி இல்லாமல் தண்ணீர் குடித்தவேளை 2 விழுக்காடு குறைந்தது. பங்கெடுத்தவர்கள் 11 பேர், குடித்தது இரண்டு இரவு. பெரியம்மாவின் காலைச் சீனி 8 என்று வைத்துக்கொண்டால், 4 விழுக்காடு என்பது 0.3. அவருடைய விரல் குத்தும் கருவியின் அனுமதிக்கப்பட்ட பிழையே 15 விழுக்காடு, அதாவது 8-க்கு 1.2 வரை கூடவோ குறையவோ காட்டலாம். அந்தப் பயன் உண்மையாகவே இருந்தாலும் கருவியில் அவரால் அதைப் பார்க்கவே முடியாது.

காடி சீனியை நிறையக் குறைக்கும் என்று சொல்லும் பெரிய எண்கள் எங்கிருந்து வந்தன என்றும் தேடினேன். லெபனானில் 120 இளைஞர்களை வைத்துச் செய்து 2024-ல் வெளிவந்த ஆய்வுதான் அதில் முக்கியம். எடையும் சீனியும் நன்றாகக் குறைந்ததாகச் சொன்னது. உலகம் முழுக்கச் செய்தியானது. கணக்கை மறுபடி சரிபார்த்தபோது முடிவுகள் ஒத்துவரவில்லை என்று, வெளியிட்ட பிஎம்ஜே குழுமமே 2025-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. புலனத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் செய்திக்கு அது தெரியாது.

போத்தலின் அடியில் படிந்த கலங்கலை 'தாய்' என்கிறார்கள், அதில்தான் சக்தி இருக்கிறது என்று அதற்குக் கூடுதல் விலையும் வைக்கிறார்கள். அது நொதிக்கச் செய்யும் பாக்டீரியாவும் அது நெய்யும் நாரும்தான். சீனி ஆய்வுகள் சிலவற்றில் சாதாரண வெள்ளைக் காடியைத்தான் பயன்படுத்தினார்கள். வேலை செய்வது அசிட்டிக் அமிலம், அது மளிகைக் கடையில் கிடைக்கும் மலிவுக் காடியிலும் இருக்கிறது.

மாத்திரை வடிவத்தை எங்கள் பட்டியலிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டோம். பல்லில் படாது என்பது அதன் கவர்ச்சி. ஆனால் ஆப்பிள் காடி மாத்திரை தொண்டையில் ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் இறங்காமல் நின்ற ஒரு பெண்ணுக்கு, ஆறு மாதம் விழுங்கும்போது வலி இருந்தது என்று 2005-ல் அமெரிக்காவில் ஒரு குறிப்பு வந்தது. அதே ஆய்வாளர்கள் எட்டு விதமான மாத்திரைகளைச் சோதித்தபோது அமில அளவு ஒன்றில் ஒரு விழுக்காடாகவும் இன்னொன்றில் பத்து விழுக்காட்டுக்கு மேலாகவும் இருந்தது. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி விழுங்க முடியாது. இப்போது வரும் மெல்லும் இனிப்பு வகையில் சீனியும் சேர்ந்தே வருகிறது.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்திருந்தது: காடியைக் குடிக்காமல் சாப்பாட்டில் சேர்ப்பது. வெள்ளரிக்காய், வெங்காயம், கேரட்டை நறுக்கி ஒரு கரண்டி காடி விட்டுச் சோற்றோடு தின்பது நமக்குப் புதிதா? அச்சார் எல்லார் வீட்டுத் திருமணத்திலும் உண்டு. மெல்லும்போது உமிழ்நீர் ஊறும், மற்ற சாப்பாட்டோடு அமிலம் கலந்து போய்விடும், மாவுச்சத்தோடு ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போகும். ஆய்வில் வேலை செய்த நிலைமைக்கு இதுதான் மிக அருகில் இருக்கிறது. அச்சாரில் சீனி போடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் இதை மருந்து என்று எண்ணக்கூடாது.

நான்காவது வழிக்குக் கையில் இருக்கும் ஆதாரம் காடியைவிடத் தெளிவானது. நியூசிலாந்தில் 2016-ல் இனிப்பு நீர் உள்ள 41 பேரை இரண்டு விதமாக நடக்கச் சொன்னார்கள். ஒரு காலகட்டத்தில் நாளில் எப்போதாவது 30 நிமிடம். இன்னொரு காலகட்டத்தில் மூன்று வேளை சாப்பிட்டபின் பத்து பத்து நிமிடம். நடந்த நேரம் ஒன்றுதான். ஆனாலும் சாப்பிட்டபின் நடந்தபோது சீனியின் ஏற்றம் 12 விழுக்காடு குறைவாக இருந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 விழுக்காடு. சீனி ரத்தத்தில் ஏறும் நேரத்திலேயே கால் தசை அதை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் காரணம். சாப்பிடும் வரிசைக்கும் 2015-ல் நியூயார்க்கில் ஒரு சிறிய சோதனை செய்தார்கள், மெட்ஃபார்மின் எடுக்கும் 11 பேர். காய்கறியும் இறைச்சியும் முதலில், ரொட்டியும் பழரசமும் கடைசியில். தலைகீழாகச் சாப்பிட்ட நாளைவிட ஒரு மணி நேரத்தில் சீனி 37 விழுக்காடு குறைவு. இதுவும் சிறிய ஆய்வுதான், ஆனால் இதில் பல்லுக்கும் தொண்டைக்கும் ஒரு ஆபத்தும் இல்லை. காடி செய்வதாகச் சொல்லப்படும் அதே வேலையை, அதாவது மாவுச்சத்து இறங்குவதைத் தாமதப்படுத்துவதை, முதலில் சாப்பிட்ட கீரையும் முட்டையும் செய்துவிடுகின்றன.

பெரியம்மாவுக்கு நான் சொன்னதெல்லாம் போதவில்லை. "எனக்கு எது வேலை செய்யுதுன்னு பார்க்கணும்" என்றார். சரி என்று கருவியை எடுத்தோம். ஆறு காலை, ஒரே சாப்பாடு: மூன்று தோசை, சட்னி, சீனி போடாத தேத்தண்ணி. மருந்து வழக்கம்போல. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து விரல் குத்தினோம்.

எதுவும் செய்யாத இரண்டு நாளில் 12.6, 12.1. தோசைக்குச் சற்று முன் ஒரு கரண்டி காடி, ஒரே மூச்சில் குடித்து வாயைக் கொப்பளித்த இரண்டு நாளில் 11.8, 12.9. முதலில் ஒரு அவித்த முட்டையும் கிண்ணம் நிறைய கீரையும், அப்புறம் தோசை, அப்புறம் பழைய லயத்துப் பக்கம் கால் மணி நேரம் நடை என்று வைத்த இரண்டு நாளில் 10.3, 9.9. காடி நாட்களின் எண்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன, கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிட்டன. நடந்த நாட்களின் எண்கள் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தன. ஆறு காலையை வைத்து நான் எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் 28 வெள்ளியை எதற்குச் செலவு செய்வது என்று பெரியம்மா முடிவெடுக்க அது போதுமாக இருந்தது.

முடிவு இதுதான்: காலைக் கிளாஸை நிறுத்திவிட்டார். போத்தலில் மீதி இருப்பது வெள்ளரி அச்சாருக்குப் போகிறது. மெட்ஃபார்மினில் கை வைக்கவில்லை, அதில்தான் நான் கடுமையாக நின்றேன். இதைப் படிக்கும் சிலர் கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பார்கள். அவர்கள் காடியைச் சேர்த்தால் மருந்தின் நேரமும் சாப்பாடு இறங்கும் நேரமும் பிசகிச் சீனி திடீரென்று இறங்கிவிடலாம். பல வருஷ இனிப்பு நீரால் இரைப்பை ஏற்கனவே மந்தமானவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. சாப்பிட்டதும் வயிறு கனத்து உப்பிக்கொள்வது அதற்கு ஒரு அடையாளம். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறையக்கூடும். அவர்கள் கிளினிக்கில் கேட்காமல் காடியைத் தொட வேண்டாம்.

பல் கூச்சத்துக்கு அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டினோம். ஃப்ளோரைடு பூசினார்கள், கூச்சத்துக்கான பற்பசை போடச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் ஐஸ் தண்ணி குடிக்க முடிந்தது. நுனியில் தேய்ந்த எனாமல் அப்படியேதான் இருக்கிறது. குரல் கம்மல் அதற்கு முன்பே போய்விட்டது. அடுத்த எச்பிஏ1சி சோதனை மாசிக்குள் வரும். அதுவரை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் கோயில் வரைக்கும் போய்த் திரும்புகிறார்கள்.